‘முழுத் தொகையும் வந்து சேர்ந்தது’: ஒரு நன்றிக் கடிதமும் நின்றுபோன பதினாறாயிரமும்

சென்னையில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான உரிமையாளர் சங்கம். 2024 ஆகஸ்டில் மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு வேலையை ஒரு தனிநபர் ஒப்பந்ததாரரிடம் கொடுத்தார்கள். விரிசல் அடைப்பது, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் வளைவு பூசுவது, இரண்டு கோட் பூச்சு, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது என்று செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் வேலை முடிந்தது. செப்டம்பர் 20-இல் பில் போனது. அக்டோபர் 4-இல் பணம் வந்தது. அன்று மாலையே ஒப்பந்ததாரரின் அலுவலகத்திலிருந்து சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல்:

“மதிப்புக்குரிய பொருளாளர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் பில்லுக்கான முழுத் தொகையும் வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. ரசீது இணைத்துள்ளோம். அடுத்து வெளிப்புற பெயிண்டிங் வேலையை ஜனவரி 20-ஆம் தேதி ஆரம்பிக்கிறோம். தங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்.”

மரியாதையான, உடனுக்குடன் போன கடிதம். படித்தவர் யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. ஆனால் அடுத்த நான்கு மாதங்களில் இதே ஐந்தாறு வரிகளால் ஒப்பந்ததாரருக்கு 16,000 ரூபாய் நிலுவையில் நின்றது, பெயிண்டிங் வேலை கைநழுவப் பார்த்தது, சாரம் கட்டுபவருக்குக் கொடுத்த முன்பணமும் போயிற்று. சிக்கல் மூன்று சொற்களில் இருந்தது: ‘முழுத் தொகையும்’, ‘ரசீது’, ‘ஆரம்பிக்கிறோம்’.

வந்தது எவ்வளவு?

பில் தொகை 3,20,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 57,600. மொத்தம் 3,77,600. வங்கிக் கணக்கில் வரவானது 3,58,400. வித்தியாசம் 19,200 ரூபாய். இது இரண்டு தனித்தனிப் பிடித்தங்களின் கூட்டு. 3,200 ரூபாய் டிடிஎஸ், 16,000 ரூபாய் ரிடென்ஷன்.

இரண்டும் பிடித்தம்தான் என்றாலும் தன்மை வேறு. டிடிஎஸ் ஒப்பந்ததாரரின் பேரில் சங்கம் வருமான வரித் துறைக்குக் கட்டும் பணம். அது வங்கிக்கு வராது, வரவும் வேண்டியதில்லை. அவர் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பதிவானால் கணக்கு நேராகிவிடும். ரிடென்ஷன் அப்படியல்ல. வடகிழக்குப் பருவமழை முழுக்க மாடி ஒழுகாமல் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, டிசம்பர் 31-க்குப் பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி நிறுத்தி வைத்த 5 சதவீதம் அது. சங்கத்தின் கையிலேயே இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டிய பணம்.

ஆக, ‘முழுத் தொகையும் வந்தது’ என்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை. எழுதியவர் மனத்தில் ‘இப்போது வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது’ என்ற பொருள்தான் இருந்திருக்கும். கோப்பைப் பின்னாளில் புரட்டுபவருக்கு அந்த ‘இப்போது’ தெரியாது.

நன்றிக் கடிதம் எழுதும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தக் கழித்தல்தான். வங்கியில் விழுந்த எண்ணைப் பார்த்தால் எதிர்த்தரப்பு என்ன கணக்குப் போட்டது என்பது தெரியும். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவின் கீழ் ஒப்பந்த வேலைக்குத் தனிநபருக்கு 1 சதவீதம், கம்பெனிக்கும் கூட்டாண்மை நிறுவனத்துக்கும் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டு அடிப்படைத் தொகை மீதுதான் டிடிஎஸ் என்று நேரடி வரிகள் வாரியம் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த நிகழ்வில் பிடித்தம் சரி. அதனால் 3,58,400. பொருளாளர் ஜிஎஸ்டி சேர்த்து 3,77,600-க்கு 1 சதவீதம் பிடித்திருந்தால் 3,57,824 வந்திருக்கும். இரண்டு சதவீதம் பிடித்திருந்தால் 3,55,200. இந்த இரண்டு தவறுகளும் அன்றாடம் நடப்பவை. இரண்டாவது நடக்கக் காரணம், பில்லின் தலைப்பில் நிறுவனம் போல ஒரு பெயர் இருப்பது. ‘என்டர்பிரைசஸ்’ என்று பார்த்ததும் 2 சதவீதம் போட்டுவிடுவார்கள். பான் எண்ணின் நான்காம் எழுத்து ‘P’ என்றால் தனிநபர், ‘C’ என்றால் கம்பெனி, ‘F’ என்றால் கூட்டாண்மை நிறுவனம். அதைப் பார்த்தால் போதும். பில்லில் பான் எண்ணே இல்லாவிட்டால் 20 சதவீதம் வரை போகும் என்பது வேறு கதை.

தவறு இருந்தால் அதை இந்த நன்றிக் கடிதத்திலேயே, ஒரே வரியில், சொல்லிவிட வேண்டும். பிடித்த டிடிஎஸ்ஸை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்கு முன் சொன்னால் பொருளாளர் திருத்திவிட்டு மிச்சத்தை அனுப்பிவிடுவார். பணம் துறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு சிறு விஷயம். வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்து ரசீது போடக் கூடாது, கணக்கு அறிக்கையில் வரவு வைத்த வரியைப் பார்த்துத்தான் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ‘பணம் அனுப்பிவிட்டேன்’ ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவர் பக்கத்துச் சான்று மட்டுமே. காசோலையாக இருந்தால் வசூலாகும் வரை பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாது, உடனே ரசீது வேண்டும் என்று கேட்டால், ‘காசோலை வசூலானால் மட்டுமே இந்த ரசீது செல்லும்’ என்ற வரி அதில் இருந்தாக வேண்டும்.

ரசீதில் என்ன தவறு?

இணைத்த ரசீதில் இருந்த தொகை 3,77,600. கடிதத்தைவிட இதுதான் பெரிய பிழை. யாரும் வேண்டுமென்று அப்படிப் போடவில்லை. பில் போடும் மென்பொருளில் ‘பணம் பெறப்பட்டது’ என்று பதியும்போது, தொகைக் கட்டத்தில் பில்லின் முழு நிலுவையும் தானாகவே நிரம்பி நிற்கும். கணக்காளர் தேதியை மட்டும் மாற்றிவிட்டுச் சேமித்துவிட்டார். பில் ‘செலுத்தப்பட்டது’ என்று பச்சை நிறமானது. மென்பொருள் அந்த எண்ணையே ரசீதில் அச்சிட்டது.

சரியாகப் பதிவது இப்படி. தொகைக் கட்டத்தில் வங்கியில் வந்த 3,58,400-ஐக் கையால் அடிக்க வேண்டும். டிடிஎஸ்ஸுக்கு உள்ள தனிக் கட்டத்தில் 3,200. அப்படிக் கட்டம் இல்லாத எளிய மென்பொருளானால், ‘டிடிஎஸ் வரவேண்டியது’ என்ற கணக்குத் தலைப்பில் இரண்டாவது பதிவாகப் போட வேண்டும். இரண்டும் போன பிறகு பில்லில் 16,000 நிலுவை நிற்க வேண்டும். அந்த பில் பச்சையாகாமல் பகுதி நிலுவை என்று நிற்பதுதான் இங்கே சரியான நிலை. மாதக் கடைசியில் அது கண்ணை உறுத்தும். உறுத்தட்டும், அப்போதுதான் ஜனவரியில் கேட்க நினைவு வரும்.

ரசீது இப்படி இருந்திருக்க வேண்டும்:

ரசீது எண்: 031 / 2024-25
தேதி: 04.10.2024
பெறப்பட்டது: (பில்லில் உள்ளபடியே சங்கத்தின் முழுப் பெயர், முகவரி)
வங்கியில் வரவான தொகை: ரூ.3,58,400 (ரூபாய் மூன்று லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு மட்டும்)
முறை: ஆர்டிஜிஎஸ், வரவு தேதி 04.10.2024, யுடிஆர் எண்: …
எந்த பில்லுக்கு: எண் 047, தேதி 20.09.2024, மொத்தம் ரூ.3,77,600
சங்கம் பிடித்த டிடிஎஸ்: ரூ.3,200 (194சி, 1%)
ஒப்பந்தப்படி நிறுத்தி வைத்த தொகை: ரூ.16,000 (31.12.2024-க்குப் பின் தர வேண்டியது)
இந்த பில்லில் இன்றைய நிலுவை: ரூ.16,000

இதில் கடைசி இரண்டு வரிகள் பலருடைய ரசீதுப் புத்தகத்தில் இருக்காது. அச்சடித்த ரசீதில் இடமில்லாவிட்டால் அடியில் கையால் எழுதலாம். பெறப்பட்ட தொகையையும் டிடிஎஸ்ஸையும் கூட்டி ‘3,61,600 பெற்றுக்கொண்டோம்’ என்று ஒரே எண்ணாக எழுதும் பழக்கமும் உண்டு. அது வங்கி அறிக்கையோடு ஒத்துப்போகாது, தணிக்கையாளர் கட்டாயம் கேட்பார். தனி வரிகளாக இருந்தால் கேள்வியே வராது.

பணப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யுடிஆர் எண்ணைப் பார்த்து அடிக்கக் கூடாது, வங்கி அறிக்கையிலிருந்து நகலெடுத்து ஒட்ட வேண்டும். நெஃப்ட் என்றால் 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ் என்றால் 22 எழுத்து வரும். நடுவில் வரிசையாக நிற்கும் பூஜ்யங்களில் ஒன்று விட்டுப்போவதும், பூஜ்யத்துக்குப் பதில் ‘O’ விழுவதும் சகஜம். ஒட்டிய பிறகு எழுத்துகளை ஒருமுறை எண்ணிவிட்டால் விட்டுப்போனது பிடிபடும். ஐஎம்பிஎஸ், யுபிஐ வழியாக வந்தால் அந்த இடத்தில் 12 இலக்கக் குறிப்பெண் இருக்கும்.

தாளில் கையெழுத்திட்டுத் தரும் ரசீது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் விழும்படி கையெழுத்திட வேண்டும். சங்கங்களின் தணிக்கையில் இதை இன்றும் பார்க்கிறார்கள். ஆகவே பிடிஎஃப் அனுப்பினாலும், ஸ்டாம்ப் ஒட்டிய மூலப் பிரதி ஒன்றைப் பொருளாளர் கோப்புக்கு அடுத்த முறை போகும்போது கொடுத்துவிடுவது நல்லது.

‘ஆரம்பிக்கிறோம்’ என்ற சொல்

தமிழில் இது ஒரு வழுக்குப் பாறை. ‘நாளைக்கு ஊருக்குப் போகிறேன்’ என்றால் முடிவாகிவிட்டது, டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது என்று பொருள். நிகழ்கால வினையை எதிர்காலத் தேதியோடு சேர்த்தாலே உறுதி வந்துவிடுகிறது. ‘ஜனவரி 20-ஆம் தேதி ஆரம்பிக்கிறோம்’ என்ற வரியும் அப்படித்தான் படிக்கப்பட்டது.

உண்மை நிலை வேறு. பெயிண்டிங்குக்கு 4,80,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீடு மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது. நிர்வாகக் குழுவில் பேச்சளவில் சரி என்றார்கள். பொதுக்குழு ஒப்புதல் இல்லை, வேலை உத்தரவு இல்லை. பொருளாளர் கடிதத்தைக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போட்டார், கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில். அரை மணி நேரத்தில் கேள்விகள் வந்தன. யார் கொடுத்தது இந்த வேலையை? வேறு கொட்டேஷன் வாங்கினீர்களா? பொதுக்குழுவில் வைக்காமல் தேதி எப்படிக் குறித்தீர்கள்? பொருளாளருக்குப் பதில் சொல்ல வழியில்லை. கடிதத்தில் தேதியே இருக்கிறதே. மூன்று கொட்டேஷன் இல்லாமல் பெயிண்டிங் பற்றிப் பேச்சே இல்லை என்று முடிவாயிற்று.

ஒப்பந்ததாரரும் தான் எழுதிய வரியைத் தானே நம்பிவிட்டார் என்பதுதான் வேடிக்கை. ஜனவரி 20-க்கென்று சாரம் கட்டுபவருக்கு டிசம்பரிலேயே முன்பணம் கொடுத்தார். வேலை தள்ளிப்போனதும் சாரம் கட்டுபவர் தன் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். முன்பணம் திரும்பவில்லை.

அடுத்த வேலை என்று எழுதும்போது உண்மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடமை. இந்த நிகழ்வில் அது மழைக்காலப் பார்வையிடல். முதல் கனமழை பெய்த ஒரு வாரத்துக்குள் மாடியைப் பார்த்து, மழைநீர்க் குழாய் இணைப்புகளையும் மேல்தளக் கூரைகளையும் சோதிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ரிடென்ஷனுக்கு ஈடான வேலை அது. இதை உறுதியான வினையில் எழுதலாம், எழுத வேண்டும்: ‘வந்து பார்க்கிறோம்’. மற்றொன்று, இன்னும் ஒப்புதல் ஆகாத திட்டம். அதற்கு ‘உத்தரவு கிடைத்தால்’ என்ற நிபந்தனையும் ‘தொடங்க இயலும்’ என்ற வினையும் வேண்டும்.

கடிதத்தில் முதல் வகை அறவே இல்லை. பார்வையிடல் பற்றிப் பேச்சே கிடையாது. இரண்டாம் வகை முதல் வகையின் உடையில் இருந்தது. பணம் கொடுத்தவுடன் அடுத்த செலவைப் பற்றி மட்டும் ஒரு கடிதம் வந்தால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? கொடுத்த பணத்துக்கு இன்னும் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு புதிய வேலையைச் சொன்னால் அதே செய்தி வேறு தொனியில் கேட்கும்.

பெயிண்டிங் தேதிக்குக் காரணமும் எழுத வேண்டியிருந்தது. மழை முடிந்து சுவர் காயாமல் வெளிப்பூச்சு அடித்தால் உள் ஈரம் பூச்சைத் தள்ளிக் கொப்புளம் விடும். விரிசல்களை வெட்டிப் புதிதாகச் சிமெண்ட் பூசிய இடங்கள் நன்கு இறுகி உலர ஏறக்குறைய 28 நாள் ஆகும். அதனால்தான் பொங்கலுக்குப் பிறகு என்ற கணக்கு. இது தெரிந்தால் ‘ஏன் தீபாவளிக்கு முன்பே அடிக்கவில்லை’ என்ற கேள்விக்குப் பொருளாளரே பதில் சொல்லிவிடுவார். தேதி என்பது ஒப்பந்ததாரரின் வசதிக்கு வைத்தது அல்ல என்பதும் விளங்கும்.

ஜனவரியில் நடந்தது

டிசம்பர் கடைசியில் சங்கத் தேர்தல் நடந்து புதிய பொருளாளர் வந்தார். ஜனவரி 6-ஆம் தேதி ஒப்பந்ததாரர் 16,000 ரூபாய் கேட்டு எழுதினார். புதியவர் கோப்பைத் திறந்தார். பேரேட்டில் 16,000 தர வேண்டியது என்று ஒரு பதிவு. கோப்பிலோ 3,77,600-க்கு ரசீது, மேலே ‘முழுத் தொகையும் வந்து சேர்ந்தது’ என்ற கடிதம். எது சரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? பழைய பொருளாளர் மகள் வீட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். தணிக்கையாளரைக் கேட்காமல் தர முடியாது என்று விட்டார். அவர் நிலையில் இருக்கும் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ரசீது வலுவான சான்றுதான், ஆனால் கடைசிச் சொல் அல்ல. வங்கி அறிக்கையையும் ஒப்பந்தத்தின் ரிடென்ஷன் பிரிவையும் காட்டி உண்மைத் தொகையை நிறுவ முடியும். ஒப்பந்ததாரர் அதைத்தான் செய்தார். அக்டோபர் மாத வங்கி அறிக்கையின் அந்த ஒரு பக்கம், 26ஏஎஸ்ஸில் 3,200 பதிவான பக்கம், ஒப்பந்த நகல் மூன்றையும் இணைத்தார். பழைய ரசீதைத் திருத்தி அதே எண்ணில் மறுபடி அனுப்ப முதலில் நினைத்தார். அது இன்னொரு தவறாகியிருக்கும். ஒரே எண்ணில் இரண்டு தொகைக்கு ரசீது இருந்தால் இரண்டுமே சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும். கணக்காளர் சொன்னதன் பேரில் 031-ஐ ரத்து செய்து, புதிய எண்ணில், ‘04.10.2024 தேதியிட்ட 031-ஆம் எண் ரசீதுக்குப் பதிலாக’ என்ற குறிப்புடன் 3,58,400-க்கு ரசீது போட்டார்கள். பணம் பிப்ரவரி 10-ஆம் தேதி வந்தது. ஐந்து வாரத் தாமதம். ஜிஎஸ்டியை இந்த 16,000-க்கும் சேர்த்து அவர் அக்டோபரிலேயே கட்டிவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எழுதியிருக்க வேண்டிய கடிதம்

அக்டோபர் 4 அன்று போயிருக்க வேண்டியது இது:

பொருள்: பில் எண் 047 – ரூ.3,58,400 பெறப்பட்டது, ரசீது எண் 031 இணைப்பு

மதிப்புக்குரிய பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். மாடி நீர்க்கசிவுத் தடுப்பு வேலைக்கான எங்கள் 047-ஆம் எண் பில்லுக்கு (20.09.2024) ரூ.3,58,400 இன்று எங்கள் கணக்கில் வரவானது. கெடு முடியும் முன்பே அனுப்பி வைத்தமைக்கு நன்றி.

பில் தொகை ரூ.3,77,600-இல் டிடிஎஸ் ரூ.3,200, ஒப்பந்தப்படி நிறுத்தி வைத்தது ரூ.16,000 போக மீதி சரியாக வந்திருக்கிறது. ரசீது எண் 031 இணைத்துள்ளோம். டிடிஎஸ் சான்றான 16ஏ படிவம் தயாரானதும் அனுப்பி உதவுங்கள்.

முதல் கனமழைக்குப் பின் ஒரு வாரத்துக்குள் மாடியை வந்து பார்க்கிறோம். வரும் நாளை முன்கூட்டியே தெரிவிப்போம். அன்று மேல்தள வீடுகள் நான்கையும் பார்க்க வழி செய்து தர வேண்டுகிறோம்.

வெளிப்புற பெயிண்டிங்குக்கு நாங்கள் தந்த மதிப்பீடு டிசம்பர் 31 வரை செல்லும். சுவர் காய வேண்டியிருப்பதால் பொங்கலுக்கு முன் தொடங்குவது உசிதமல்ல. சங்கத்தின் ஒப்புதலும் வேலை உத்தரவும் டிசம்பருக்குள் கிடைத்தால் ஜனவரி 20 வாக்கில் தொடங்க இயலும்.

இப்படிக்கு…

நன்றி ஒரே இடத்தில், ஒரே முறை. எதற்கு நன்றி என்றும் இருக்கிறது. 15 நாள் கெடு அக்டோபர் 5-இல் முடிகிறது, ஒரு நாள் முன்பே வந்தது. ‘மிக்க நன்றி, மனமார்ந்த நன்றி’ என்று அடுக்கினால் பணம் வராது என்று பயந்திருந்தது போலத் தொனிக்கும். ‘சரியாக வந்திருக்கிறது’ என்ற சொல் முக்கியம். பிடித்தங்களை நாம் ஒப்புக்கொள்கிறோம் என்று எதிர்த்தரப்புக்கு அது தெரிவிக்கிறது. இரண்டாம் பத்தியை மட்டும் தனியாகக் கிழித்துக் கோப்பில் வைத்தாலும் கணக்கு விளங்கும். புதிய பொருளாளருக்கு ஜனவரியில் தேவைப்பட்டது அந்தப் பத்திதான்.

16ஏ படிவத்தைக் கடிதத்தில் கேட்டு வைப்பது நல்லது, ஆனால் உடனே எதிர்பார்க்கக் கூடாது. அக்டோபரில் பிடித்தது நிதியாண்டின் மூன்றாம் காலாண்டில் வரும். அதற்கான 26க்யூ என்ற காலாண்டு டிடிஎஸ் அறிக்கையின் தாக்கலுக்கு ஜனவரி 31 கெடு, சான்று பிப்ரவரி 15-க்குள் தர வேண்டும். நவம்பரில் நச்சரித்தால் பொருளாளரிடம் கொடுக்க எதுவும் இருக்காது.

கடிதம் சங்கத்தின் அலுவல் மின்னஞ்சலுக்குப் போக வேண்டும், செயலாளருக்கு நகல். பொருளாளரின் சொந்த முகவரிக்கு மட்டும் போனால் அவர் பதவி விலகும் நாளில் கடிதமும் கூடவே போய்விடும். ரசீதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பாமல் பிடிஎஃப் ஆக, `Receipt-031_Bill-047.pdf` போன்ற பெயரில் இணைக்க வேண்டும். ‘ஸ்கேன்0012’ என்ற பெயரில் வந்ததை யாரும் பின்னர் தேடி எடுக்க முடியாது. இணைப்பை மறப்பவர்கள் முதலில் கோப்பை இணைத்துவிட்டு, பிறகு எழுதி, பெறுநர் முகவரியைக் கடைசியில் போடலாம். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: “வணக்கம் மேடம், 3,58,400 வந்துவிட்டது, நன்றி. ரசீது மெயிலில் அனுப்பியிருக்கிறோம்.” அடுத்த வேலையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் வேண்டாம். அந்தச் செய்தி எந்தக் குழுவுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

பெயிண்டிங் முன்பணம் வந்தபோது

பொதுக்குழு மூன்று கொட்டேஷன் பார்த்து இந்த ஒப்பந்ததாரருக்கே வேலையைக் கொடுத்தது. பிப்ரவரி 24-இல் உத்தரவு. 25 சதவீத முன்பணம் 1,20,000, ஜிஎஸ்டி 21,600, ஆக 1,41,600. அதில் டிடிஎஸ் 1,200 போக 1,40,400 வந்தது. முன்பணத்துக்கும் டிடிஎஸ் உண்டு. தொகை குறைகிறதே என்று பொருளாளரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இங்கே சாதாரண ரசீது போதாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏற்கெனவே பில் போட்ட வேலைக்குப் பணம் வந்தால் ரசீது வெறும் ஒப்புகைச் சீட்டு. பில் போடும் முன்பே சேவைக்கு முன்பணம் வாங்கினால் ஜிஎஸ்டி சட்டப்படி ‘ரிசீட் வவுச்சர்’ தர வேண்டும். அதற்குத் தனி வரிசை எண் வேண்டும். இரு தரப்பு ஜிஎஸ்டி விவரம் (சங்கத்துக்குப் பதிவு இருந்தால்), சேவையின் விவரம், முன்பணம், வரி விகிதம், வரித் தொகை, கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். வவுச்சரில் காட்டும் முன்பணம் 1,41,600. வங்கியில் வந்தது 1,40,400 என்பதும் டிடிஎஸ் 1,200 என்பதும் அடியில் தனி வரிகளாக. அந்த மாதத்துக்குள் பில் போடாவிட்டால் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இன் 11ஏ அட்டவணையில் இந்த முன்பணத்தைக் காட்டி வரி கட்ட வேண்டும். வேலை நின்றுபோய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் ‘ரீஃபண்ட் வவுச்சர்’. பொருள் விற்பவர்களுக்கு 2017 நவம்பரிலிருந்து முன்பணத்தின் மீது வரி இல்லை. அதைக் கேட்டுவிட்டு, கூலியும் பொருளும் கலந்த இத்தகைய ஒப்பந்த வேலைக்கும் இல்லை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒப்பந்த வேலை சேவைக் கணக்கில்தான் வரும்.

இம்முறை கடிதத்தில் ‘மார்ச் 3, திங்கள் அன்று தொடங்குகிறோம்’ என்று நிகழ்கால வினையிலேயே எழுதினார்கள். உத்தரவு கையில் இருந்தது, முன்பணம் கணக்கில் இருந்தது. சாரம் கட்ட மேற்கு, வடக்குப் பக்க வண்டி நிறுத்தங்களை மார்ச் 2 மாலைக்குள் காலி செய்து தரும்படியும், ஏசி வெளிப்பெட்டி உள்ள வீடுகளின் பட்டியல் கேட்டும் இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். பொருளாளர் அதை அப்படியே குடியிருப்போர் குழுவில் போட்டார். ஒருவர் மட்டும், என் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டிருந்தார்.